சுற்றிலும் விட வேண்டிய இடம்

ஒரு லோகோவைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கல்யாண மண்டப வாசலில் உள்ளே போகாமல் நின்று, வரவேற்பு பேனரில் எந்த எழுத்துருவை எதோடு சேர்த்துத் தொலைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி கையைப் பிடித்து இழுப்பாள். "பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க வந்தீங்களா, பேனரப் பாக்க வந்தீங்களா?" என்பாள். நான் அம்பத்தூர் மேனாம்பேட்டில் நெடுநாளாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, டியூஷன் சென்டர் நோட்டீஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. இந்தத் தொழிலில் இவ்வளவு கோபம் இருந்தால் வாடிக்கையாளர் எப்படி நிற்பார்கள் என்று கேட்கலாம். நிறையப் பேர் நிற்கவில்லைதான்.

மனைவி எனக்கு நேர் எதிர். அவள் ஒரு தொண்டர் குழுவில் இருக்கிறாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருகிற குழு. பெரிய வைத்தியம் எதுவும் செய்ய மாட்டார்கள். தலை வாரி விடுவார்கள், நகம் வெட்டுவார்கள், சாப்பாடு ஊட்டுவார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். அதனால் அவர்களுடைய லோகோவே ஒரு நாற்காலிதான். பச்சை நிறத்தில் எளிமையான ஒரு நாற்காலி, கீழே குழுவின் பெயர். நாலு கோட்டில் முடிந்துவிடுகிற அந்தப் படத்தை எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துப்போனது. எனக்கு ஒன்று பிடித்தால் அதைத் தொண்டர்கள் என்ன பாடுபடுத்துவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆவடிக்காரர்கள் அதை நீலமாக்கினார்கள். பூந்தமல்லியில் ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி போட்டார். ஒரு நோட்டீசில் நாற்காலி பெஞ்சு ஆகியிருந்தது, அவ்வளவு இழுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் லோகோவைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் இருந்தால்கூட அங்கே ஒரு ரோஜாப்பூவோ, பொங்கல் வாழ்த்தோ, யாராவது ஒரு பெரிய மனிதருடைய கைகூப்பிய படமோ ஏறி உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் காலி இடம் விட்டால் ஏதோ விருந்தில் இலையில் காய் வைக்காமல் விட்டது போல மனசு அடித்துக்கொள்ளும். நான் ஒவ்வொன்றாகக் காட்டித் திட்டுவேன். "நோட்டீஸ் நல்லா இல்லன்னா இன்னா, போய்ப் பாக்கறாங்க இல்ல, அதப் பாருங்க" என்று அவள் போய்விடுவாள்.

அவள் வாரத்தில் பல நாள் போய்வந்த இடம் காட்டுப்பாக்கம் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஓர் இல்லம். வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாத நோயாளிகளுக்கானது. அங்கே ஒரு பெண்மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தவர், பக்கவாதத்தில் வலப் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வயது அறுபதுக்குள்தான் இருக்கும். பேச்சு குழறும். விழுங்குவதும் கஷ்டம். அவருக்குச் சாப்பாடு ஊட்டுவது தனிப் பக்குவம் என்று மனைவி சொல்வாள். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கஞ்சி தண்ணியாக இருக்கக் கூடாது, புரையேறும். அரைக் கரண்டிதான் எடுத்து, நன்றாக இருக்கிற இடது கன்னத்துப் பக்கம் வைக்க வேண்டும். அவர் விழுங்கி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகும். அங்கே இருக்கிற நர்சுகளுக்கு எத்தனையோ படுக்கைகள், அவர்களால் அப்படி உட்கார முடியாது. அந்த அம்மாவும் வேறு யார் ஊட்டினாலும் ஒன்றிரண்டு கரண்டிக்கு மேல் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். மனைவி "அக்கா" என்று கூப்பிட்டால் மட்டும் கிண்ணம் முடிகிற வரை வாய் திறக்கும். என்னையும் ஒரு நாள் வரச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆகாது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உள்ள விட மாட்டேன்னுட்டாங்க" என்றாள்.

யாரோ ஒரு ஆள், இவர்கள் குழுவின் அட்டை மாதிரியே ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இல்லத்துக்குள் போய், படுக்கையில் கிடக்கிறவர்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டானாம். இல்லத்தின் பொறுப்பாளரான மூத்த சிஸ்டர் கொதித்துப் போயிருக்கிறார். குழுக்காரர்கள் எல்லோரையும் வரச் சொல்லி, அவரவர் அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்றில் சூரியன், ஒன்றில் எழுத்தே படிக்க முடியவில்லை. "இதுல எது உங்களுது, எது அவனுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரே மாதிரி அட்டையோட வாங்க. உங்க அட்டை எப்படி இருக்கும்னு ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க, கேட்ல மாட்டி வைக்கறேன். அது வரைக்கும் யாரும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம்.

"நியாயமாத்தான் கேட்டிருக்காங்க" என்றேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாள் காற்றில் திட்டியதை ஒரு மனுஷி நேரில் சொல்லியிருக்கிறார்.

"நியாயம்தான். ஆனா அக்காவுக்கு யாரு ஊட்டுவாங்க?" என்றாள் மனைவி. அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது.

அன்றைக்கே ஆரம்பித்தேன். பன்னிரண்டு பக்கம் வந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நெமிலிச்சேரில ட்ரெயின் ஏறினா அம்பத்தூர் வர்றதுக்குள்ள போன்ல படிச்சி முடிக்கணும். ஒரே பக்கம்" என்றாள். நான் கத்தினேன். கம்பெனிக்காரன் இதற்குப் புத்தகமே போடுகிறான் என்றேன். "அவன் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கறான். இவங்க வேலை முடிஞ்சி வந்து சும்மா செய்யறவங்க" என்றாள். 

ஒரே பக்கமாக்கினேன். மேலே இடது மூலையில் லோகோ, அச்சிட வேண்டிய சரியான அளவில். நடுவில் பெரிதாக, லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடம். நாற்காலியின் முதுகு எவ்வளவு உயரமோ அவ்வளவு இடத்தை நாலு பக்கமும் காலியாக விட வேண்டும், அதற்குள் எழுத்தோ படமோ காகிதத்தின் ஓரமோ வரக் கூடாது. அதைக் காட்ட லோகோவைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு கட்டம் போட்டு, கோட்டுக்கும் லோகோவுக்கும் நடுவே நாலு பக்கமும் 'x' என்று குறித்தேன். முதுகின் உயரமும் x, இடைவெளியும் x. லோகோ பெரிதானால் இடமும் கூடவே பெரிதாகும். இதை மில்லிமீட்டரில் சொன்னால் விசிட்டிங் கார்டுக்குச் சரியாக இருக்கும், பேனருக்குப் பத்தாது.

அடுத்தது குறைந்த அளவு. அச்சில் இருபது மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் கீழே இருக்கிற பெயர் எறும்பு வரிசை ஆகிவிடும். அதைவிடச் சின்ன இடம்தான் இருக்கிறதென்றால் பெயரை எடுத்துவிட்டு நாற்காலி மட்டும். பிறகு நிறம். ஒரு பச்சை, ஒரு கருஞ்சாம்பல், அவ்வளவுதான். பச்சை என்று மட்டும் சொன்னால் பத்துப் பேருக்குப் பத்துப் பச்சை. ஆகவே அச்சுக்கு நாலு மையின் சதவீதம், திரைக்கு ஆறு எழுத்துக் குறியீடு. ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தால் முழுக்கக் கறுப்பில் ஒரு வடிவம். எழுத்துரு ஒன்றே ஒன்று, தலைப்புக்குத் தடித்தது, மற்றதற்குச் சாதாரணம். யுனிகோடில் இருக்க வேண்டும். பழைய கடை எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அடுத்த கம்ப்யூட்டரில் திறக்கும்போது கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். கடைசியில், செய்யக் கூடாதவை. இழுத்தது, நிறம் மாற்றியது, நிழல் போட்டது, படத்தின் மேல் ஏற்றியது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அடியில் அசல் கோப்பை எடுத்துக்கொள்ள ஒரு இணைப்பு.

மனைவி உட்கார்ந்து மொழியைத் திருத்தினாள். 'லோகோவை இழுத்து நாசமாக்காதீர்கள்' என்று எழுதியிருந்தேன். 'இழுக்க வேண்டாம்' ஆக்கினாள். 'சூரியன் போடுகிற வேலை வேண்டாம்' என்பதை முழுக்கவே எடுத்துவிட்டாள். நடுவில் இருந்த படத்தைப் பார்த்து, "இந்தப் புள்ளிக்கோட்டயும் சேத்து அடிச்சிடப் போறாங்க" என்றாள். அவ்வளவு முட்டாள்களா என்றேன். "எதுக்கும் எழுதுங்க" என்றாள். அவளுக்காகப் படத்தின் கீழே, 'கோடும் x குறியும் அளவு காட்ட மட்டும், அச்சிட வேண்டாம்' என்று பொடி எழுத்தில் சேர்த்தேன்.

அட்டை சரியாக வருகிறதா என்று பார்க்க மாதிரிக்கு ஒன்று அடித்தேன். கையில் வேறு படம் இல்லாததால் என் படத்தையே வைத்தேன். முறைத்துக்கொண்டிருக்கிற பழைய பாஸ்போர்ட் படம். பக்கத்தை லேமினேட் செய்து, மாதிரி அட்டையையும் அதோடு சேர்த்து மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். மூத்த சிஸ்டர் படித்துவிட்டு ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றாராம். இரண்டையும் வாட்ச்மேனிடம் கொடுத்து, இதே மாதிரி அட்டை இருந்தால் உள்ளே விடு, இல்லாவிட்டால் விடாதே என்று சொல்லிவிட்டு, சபைக் கூட்டத்துக்காக வெளியூர் கிளம்பிவிட்டார்.

எல்லோருக்கும் அட்டை அடிக்கிற வேலையை நானே செய்வதாகத்தான் இருந்தது. ஆனால் ஆவடித் தொண்டர் ஒருவர், ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர், தங்கமான மனிதர், "அண்ணன் ஏற்கெனவே கஷ்டப்பட்டுட்டாரு, இத நான் பாத்துக்கறேன்" என்று தனக்குத் தெரிந்த கடையில் அன்றைக்கே கொடுத்து, எல்லோருக்கும் வாங்கி வந்துவிட்டார். மனைவி அவளுடைய அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். படம் சரி, எழுத்துரு சரி, பச்சைகூடச் சரி. லோகோவைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு கட்டம். நாலு பக்கமும் நாலு x.

அந்த மனிதர் கடைசி வரியில் இருந்த இணைப்பைத் தொடவே இல்லை. பக்கத்தில் எது பெரிதாக இருந்ததோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வெட்டி, வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பியிருக்கிறார். போனில் கேட்டேன். "நல்லா டிசைனா இருந்துச்சிண்ணா, கட்டம் கட்டி. அதான் புது லோகோன்னு நெனச்சேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கி, "பரவால்ல தம்பி, ரொம்ப நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் நானே எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் மத்தியானம் கடையில் அந்த வேலையைத் திறந்து உட்கார்ந்தபோது கரண்ட் போனது. அதே நேரத்தில் மனைவி கடைக்கு ஓடி வந்தாள். இல்லத்திலிருந்து டூட்டி நர்ஸ் கூப்பிட்டிருக்கிறாள். இத்தனை நாள் நர்ஸ் ஊட்டிய ஒன்றிரண்டு கரண்டியில் ஓட்டிய அந்த அம்மா நேற்றிலிருந்து ஒரு கரண்டிகூட வாங்கவில்லை, தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலமும் சாப்பிடாவிட்டால் காலையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கு வழியாகக் குழாய் போடப்போகிறார்கள். ஏற்கெனவே ஒரு தடவை குழாய் போட்டபோது அவர் இடது கையால் பிடுங்கி எறிந்ததால், அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்களாம். மனைவிக்கு அது தெரியும். "திரும்பவும் கட்டிப் போடுவாங்க" என்றாள். ஸ்கூட்டரை எடுத்தேன்.

திருவேற்காடு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வாட்ச்மேன் நல்ல உயரம், நரைத்த மீசை. மனைவியை அவருக்கு நன்றாகத் தெரியும். கும்பிட்டார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"மேடம், கார்டு?"

அவள் காட்டினாள். அவர் அதை வாங்கி, கேட் கம்பியில் கட்டியிருந்த, நான் எழுதிய பக்கத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது வேற மாதிரி கீதே. கோடு கோடா கீது. நாலு பக்கமும் இன்டு மார்க் வேற கீது. தப்பானதுக்கெல்லாம் இன்டு போட்டு நீங்களே காட்டிகீறீங்க."

"அந்த இன்டு வேற, இந்த இன்டு வேற" என்றேன். பக்கத்தின் நடுவில் இருந்த பெரிய படத்தைக் காட்டினேன். "இதோ பாருங்க, இதுல இருக்கறதுதானே அதுலயும் இருக்கு?"

அவர் விரலை எடுத்துப் படத்தின் கீழே இருந்த பொடி எழுத்தின் மேல் வைத்தார். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "'அச்சிட வேண்டாம்'னு கீது சார். நாள் பூரா இங்கதான் குந்திக்கினு கீறேன். இதத்தான் படிச்சிக்கினு கீறேன். மொத்தமும் மனப்பாடம்."

நான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான். அவரைக் கட்டிக்கொள்வதா, அடிப்பதா என்று தெரியவில்லை. அடிக்கிற குரலில்தான் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சார், அந்தப் படம் புடிச்ச கேப்மாரி உள்ள பூந்தது என் டூட்டில. சிஸ்டர் என்ன வேலய உட்டுத் தூக்கிருப்பாங்க. இந்த ஒரு தபான்னு மன்னிச்சி உட்டாங்க. இப்ப சிஸ்டருக்கு போன் போடுங்க, அவங்க சொன்னா நானே மேடத்த உள்ள கூட்டிக்கினு போறேன்."

சிஸ்டருக்குப் போன் போட்டோம். அவர் ரயிலில் இருந்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. டூட்டி நர்ஸ் கேட்டுக்கு ஓடி வந்தாள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "எனக்கும் விடணும்னுதான் இருக்கு, சிஸ்டர் ஆர்டர் போட்டிருக்காங்க" என்று கையைப் பிசைந்தாள். மனைவி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. 

வாட்ச்மேன் என் முகத்தையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த மாதிரி அட்டையை அவிழ்த்தார்.

"இது நீங்கதானே சார்? இது கரீட்டா கீது. நீங்க போலாம்."

"நானா? எனக்கு ஊட்டத் தெரியாது" என்றேன்.

"நான் சொல்றேன், போங்க" என்றாள் மனைவி. அட்டையை வாங்கி என் கழுத்தில் அவளே மாட்டினாள்.

அப்படித்தான் நான் முதல் தடவையாக உள்ளே போனேன். டெட்டால் வாசனை அடித்தது. மயக்கம் ஒன்றும் வரவில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலில் அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நர்ஸ் அவரை நிமிர்த்தி முதுகுக்குத் தலையணை வைத்தாள். கூழ் பதத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டிலிருந்து மனைவி சொல்லச் சொல்லச் செய்தேன். அரைக் கரண்டி. இடது பக்கம். "அக்கா, வாயத் திறங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடி சொன்னேன். ம்ஹூம். கரண்டியை உதட்டில் தொட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி முகவாயில் வழிந்தது.  கடையில் ஒருவன் நான் சொன்னதைக் கேட்காவிட்டால் எனக்கு வருகிற கோபம் ஊருக்கே தெரியும். அப்போது அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

அவர் கண் என் கழுத்துக்கு இறங்கியது. இடது கையை மெதுவாகத் தூக்கி அட்டையில் இருந்த நாற்காலியைத் தொட்டார். உதட்டைக் கோணிக்கொண்டு என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. நர்ஸ் குனிந்து கேட்டாள்.

"'அவ எங்க'ன்னு கேக்கறாங்க" என்றாள்.

"கேட்ல நிக்கறா அக்கா. உள்ள விட மாட்டேங்கறாங்க. ஏன்னு கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து கேட் தெரியாது, ஒரு வேப்பமரமும் மதில் சுவரும்தான் தெரியும்.

இவரை நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டிப் போட அனுப்பப்போகிறேன், ஒரு புள்ளிக்கோட்டுக்காக, என்று நினைத்தேன். போனில் மனைவி, "ஒரு வாய் வாங்கினாங்களா? ஏங்க? வாங்கினாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லாமல் வைத்தேன்.

"சாயங்காலத்துல இவங்கள வெளிய கூட்டிட்டுப் போவீங்களா?" என்று நர்சைக் கேட்டேன்.

"வீல்சேர்ல உக்கார முடிஞ்சவங்கள எல்லாம் தோட்டத்துக்குத் தள்ளிட்டுப் போவோம். இவங்க வர மாட்டேம்பாங்க."

"தோட்டம் எது வரைக்கும்?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "கேட் வரைக்கும்" என்றாள்.

இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். எடையே இல்லை. இடுப்புக்கு பெல்ட் போட்டு, விழுந்த கையை மடியில் தலையணை மேல் வைத்தாள் நர்ஸ். கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டேன். வராந்தாவின் சரிவில் இறங்கி, வேப்பமரத்தைச் சுற்றி, செங்கல் பாதையில் தடதடவென்று தள்ளிக்கொண்டு போனோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்பதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் உடம்பு முன்னால் சாய்ந்தது. பெல்ட் இல்லாவிட்டால் விழுந்திருப்பார்.

வாட்ச்மேன் எழுந்து நின்றார். கம்பியில் கட்டியிருந்த பக்கத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பேஷண்ட் கேட்டாண்ட வரக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல" என்றார். பிறகு சக்கர நாற்காலி கம்பியை ஒட்டி நிற்கும்படி வழியில் கிடந்த அவருடைய சைக்கிளை எடுத்து ஓரமாக வைத்தார்.

மனைவி கம்பி இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டாள். கிண்ணத்தை நான் கீழே பிடித்துக்கொண்டேன். "அக்கா" என்றாள். அந்த அம்மா முதலில் திட்டினார். குழறினாலும் அது திட்டு என்று எனக்கே புரிந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். மனைவி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே அரைக் கரண்டி எடுத்து நீட்டினாள். வாய் திறந்தது. நாங்கள் நாலு பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது, இறங்கியது. "அப்பா" என்றார் வாட்ச்மேன்.

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மனைவி ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒரு கரண்டி, ஒரு காத்திருப்பு, இன்னொரு கரண்டி. இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தினமும் இவள் எங்கே போய் என்ன செய்துவிட்டு வருகிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் மேல் எனக்கு வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாதிக் கிண்ணம் காலியானபோது மனைவி நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைக் கம்பிக்கு வெளியே இழுத்தாள். போகிறாள் என்று நினைத்துவிட்டார் போல. அந்த அம்மா சட்டென்று இடது கையைக் கம்பி வழியாக நீட்டி, மனைவியின் கழுத்தில் தொங்கிய அந்தத் தப்பான அட்டையைப் பிடித்துக்கொண்டார். புள்ளிக்கோடு, x குறி, நாற்காலி, எல்லாம் அவர் கைக்குள் போய்விட்டது. லோகோவைச் சுற்றி எதுவும் வரக் கூடாது என்று எழுதியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அதைச் சுற்றி அவருடைய ஐந்து விரலும் இருந்தன.

"எங்கயும் போகல அக்கா" என்றாள் மனைவி.

அவர் விடவில்லை. கிண்ணம் காலியாகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்.